மூன்று மௌனங்கள்: பழைய கசெட்டும் புதிய சவுண்ட் கார்டும்

(ஹட்டனில், பழைய பாடல்களைச் சேகரிக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் தோட்டங்களில் பல வீடுகளில் இன்னும் கசெட்டுகள் இருக்கின்றன. மாசி மாதத்துக் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், ஒரு மூதாட்டி வைத்த ஒப்பாரி, திருவிழாவில் அடித்த தப்பு என்று யாரோ ஒருவர் ரேடியோ கசெட்டின் சிவப்புப் பட்டனை அழுத்திப் பதிந்து வைத்தவை அவை. சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்த பாட்டுகள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக வந்ததால் சொற்கள் தப்பிப் பிழைத்தன. அந்தச் சொற்களுக்கு உரிய மெட்டும், மூச்சு வாங்கும் இடமும், தப்பின் அடியும் காகிதத்தில் ஏறாது. அவை நாடாவில்தான் இருக்கின்றன. நாடாவும் பனியிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே உங்களில் பலர் வீட்டில் இருக்கும் டெஸ்க்டொப் கணினியில் இந்தக் கசெட்டுகளை ஏற்றத் தொடங்கியிருக்கிறீர்கள். அதில் மகிழ்ச்சி. ஆனால் என்னிடம் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. "கணினியோடு வந்த சவுண்ட் போதுமா, தனியாக ஒரு சவுண்ட் கார்ட் போடவேண்டுமா, வெளியே வைக்கும் யூ.எஸ்.பி. கருவி வாங்கினால் தெளிவு கூடுமா?" இந்தக் கேள்விக்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் வீட்டில், உங்கள் கசெட்டை வைத்து, ஒரு மாலை நேரத்தில் நீங்களே அளந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அந்த அளவையைத்தான் இன்று விளக்கப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒலிக்கருவி இரண்டு திசைகளில் வேலை செய்கிறது. கணினியில் உள்ள எண்களை ஒலியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஒரு திசை. வெளியிலிருந்து வரும் ஒலியை எண்களாக்கி உள்ளே எடுப்பது மறு திசை. கடைகளில் 'DAC' என்று பெயர் சொல்லி விற்கப்படும் பல பெட்டிகள் முதல் வேலையை மட்டுமே செய்பவை. ஹெட்போனில் பாட்டுக் கேட்க உதவும். கசெட்டை உள்ளே எடுக்க அதில் வழியே கிடையாது. அதைப்போலவே பென் டிரைவ் அளவில் கிடைக்கும் மலிவான யூ.எஸ்.பி. குச்சிகள் பலவற்றில் ஒலிவாங்கித் துளை மட்டும் உண்டு, அதுவும் ஒற்றைச் சானல். இடது வலது என்று பதிந்த நாடாவை அதில் செருகினால் பாதி போய்விடும். வாங்குமுன் பெட்டியில் 'லைன் இன்' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் கசெட் வேலைக்கு அந்தப் பெட்டி வேண்டாம்.

கணினியின் பின்பக்கம் பாருங்கள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று துளைகள் இருக்கும். பச்சை வெளியே போவது. இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு உரியது. நீலம்தான் லைன் இன். ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ட் மட்டும். ஆகவே இளஞ்சிவப்புத் துளைக்குப் பின்னால் பலமாகப் பெருக்கும் ஒரு சுற்று இருக்கிறது. கசெட் கருவி தருவது அதைவிடப் பல மடங்கு கூடிய வோல்ட். அதை இளஞ்சிவப்பில் கொடுத்தால் தப்பின் அடி ஒவ்வொன்றும் நொறுங்கும். நொறுங்காதபடி கசெட்டின் சத்தத்தைக் குறைத்தால் அந்தப் பெருக்கியின் சொந்த இரைச்சல் மேலே வரும். கேட்டுப் பார்த்துவிட்டு "மதர்போர்ட் சவுண்ட் சரியில்லை" என்று முடிவு கட்டுவார்கள். குற்றம் மதர்போர்டில் இல்லை, துளை மாறியதில் இருக்கிறது.

இனி அளவைக்கு வருவோம். பாட்டை வைத்து ஒரு கருவியின் தரத்தை அளப்பது கடினம். மௌனத்தை வைத்து அளப்பது எளிது, ஏனென்றால் மௌனத்தில் கேட்பதெல்லாம் வேண்டாத சத்தம்தான். மூன்று மௌனங்களைப் பதிய வேண்டும்.

அதற்கு முன் ஒலியளவை நிலைநிறுத்துங்கள். நாடாவில் மிகச் சத்தமான இடத்தைத் தேடி, அது `Audacity`யில் −10 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைத்துவிட்டு, பிறகு எதையும் தொடாதீர்கள். விண்டோஸில் `Audio Enhancements` என்று ஒரு பகுதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது இரைச்சலைக் குறைப்பதாக எண்ணி, ஒப்பாரியில் குரல் தேய்ந்து இறங்கும் இடங்களையும் சேர்த்து அழித்துவிடும். அளவையும் பொய்யாகும்.

முதல் மௌனம்: கேபிளைக் கழற்றிவிட்டு, துளையில் எதுவும் இல்லாமல் முப்பது விநாடி பதிவது. இது கணினி தானே போடும் சத்தம். இரண்டாம் மௌனம்: கேபிளைச் செருகி, கசெட் கருவிக்கு மின்சாரம் கொடுத்து, நாடாவை ஓட்டாமல் முப்பது விநாடி. இதில் கணினியோடு கசெட் கருவியின் சத்தமும், இரண்டையும் இணைத்ததால் புதிதாகப் பிறந்த சத்தமும் சேர்கின்றன. மூன்றாம் மௌனம்: நாடாவை ஓட்டி, பாட்டுத் தொடங்குமுன் வரும் வெறுமையான பகுதியை, அந்த 'உஸ்' சத்தத்தைப் பதிவது. மூன்றையும் தனித்தனிக் கோப்பாகச் சேமித்து, `sox` என்ற இலவச நிரலிடம் கேளுங்கள்:

```
sox mounam1.wav -n highpass 20 stats
sox mounam2.wav -n highpass 20 stats
sox mounam3.wav -n highpass 20 stats
```

`highpass 20` என்பது காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த அசைவுகளைக் கழிப்பதற்காக. வரும் பட்டியலில் `RMS lev dB` என்ற ஒரு வரி போதும். அது கழித்தல் குறியோடு வரும். −80 என்றால் −50 ஐவிட அமைதி.

ஒரு வீட்டில் ஒரு காமன் கூத்துக் கசெட்டை வைத்து நாங்கள் அளந்ததைச் சொல்கிறேன். அங்கே ரேடியோ கசெட்டின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் கணினியின் முன்பக்க இளஞ்சிவப்புத் துளைக்குப் போயிருந்தது. வீட்டார் ஒரு வெளிக்கருவி வாங்குவதென்று ஏறக்குறைய முடிவெடுத்திருந்தார்கள். முதல் மௌனம் −55, இரண்டாவது −51, மூன்றாவது −47 என்று வந்தது. மூன்றும் நெருங்கி நிற்கின்றன. கணினியின் சத்தமும் இணைப்பின் சத்தமும் நாடாவின் சத்தத்தோடு போட்டி போடுகின்றன என்று பொருள். இந்த நிலையில் பாட்டைக் கேட்டால் 'உஸ்'ஸுக்கு அடியில் ஒரு கரகரப்பும் ஓர் உறுமலும் இருக்கும்; இருந்தன.

முதல் வேலையாக, கேபிளை முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்க நீலத்தில் செருகி, ஒலியளவை மீண்டும் அதே −10 க்குக் கொண்டுவந்தோம். முன்பக்கத் துளையிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு நீண்ட வயர் கணினியின் வயிற்றுக்குள்ளே வருகிறது. விசிறி, டிஸ்க், பவர் சப்ளை எல்லாவற்றையும் தாண்டி வரும்போது அவற்றின் சத்தத்தை வழியில் வாங்கிக்கொள்ளும். மவுஸை அசைத்தால் ஹெட்போனில் 'கீச்' என்று கேட்பது பெரும்பாலும் இதனால்தான். துளையை மாற்றியதும் முதல் மௌனம் −78 ஆனது. 23 டெசிபெல் இறக்கம், ஒரு சதச் செலவில்லாமல். ஆனால் இரண்டாவது −54 இலேயே நின்றது, மூன்றாவது −48.

இந்த எண்களை உற்றுப் பாருங்கள். கணினி தனியே இருக்கும்போது −78. கேபிளைச் செருகியதும் −54. அப்படியென்றால் சத்தம் சவுண்ட் சிப்பிலிருந்து வரவில்லை, இணைப்பிலிருந்து வருகிறது. இரண்டாம் மௌனத்தை `Audacity`யில் தெரிவுசெய்து `Plot Spectrum` என்பதைத் திறந்தோம். 50, 100, 150 ஹேர்ட்ஸ் இடங்களில் வரிசையாக ஊசிகள் நின்றன. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆகவே உறுமுவது சுவரிலிருந்து வருகிற மின்சாரம்தான்.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் லயங்களில் இது மிகப் பரவலான கோளாறு. கணினியின் மூன்று முள் பிளக்கில் மூன்றாவது முள் எர்த்துக்கு உரியது. பவர் சப்ளைக்குள் மின்சாரத்தின் இரண்டு கம்பிகளிலிருந்தும் கணினியின் இரும்புப் பெட்டிக்குச் சிறிய வடிகட்டிக் கொள்ளளவிகள் இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவை கசியவிடும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத பழைய பிளக் பொயிண்டில் ஓர் அடப்டரை வைத்துக் கணினியை ஓட்டினால் அந்த மின்னோட்டத்துக்குப் போக இடமில்லை. பெட்டி முழுவதும் மின்னழுத்தத்தின் பாதியளவில், நூற்றுச் சொச்சம் வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தொட்டால் ஒரு கூச்சம் மட்டும் தெரியும். கசெட்டின் கேபிளைச் செருகியதும் அது ஒலிக்கேபிளின் வழியாகவே வழி தேடுகிறது. அதுதான் உறுமல்.

அந்த வீட்டிலும் கணினி இரண்டு முள் அடப்டரில்தான் நின்றது. எர்த் சரியாக இருந்த வேறொரு பொயிண்டுக்குக் கணினியை மாற்றி, கசெட் கருவியையும் அதே மல்ட்டி பிளக்கில் செருகியதும் இரண்டாம் மௌனம் −54 இலிருந்து −74 க்கு இறங்கியது. மூன்றாவது −49. எர்த் உள்ள பொயிண்ட் உங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்றால் மின்வினைஞரைக் கூப்பிடுங்கள். அதுவரை மின்சாரத்தில் செருகாமல் பட்டரியில் ஓடும் லப்டொப்பில் பதியலாம். உறுமல் லப்டொப்பில் காணாமல் போனால் நோய் எர்த்தில்தான் என்பதற்கு அதுவே சாட்சி. உறுமலை நிறுத்துவதற்காக மூன்றாவது முள்ளை வெட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த முள் உயிர் காப்பதற்காக வைக்கப்பட்டது.

இப்போதுதான் நாங்கள் ஒரு வெளிக்கருவியை இரவலாகக் கொண்டுவந்து செருகினோம். லைன் இன் உள்ள நல்ல கருவி. ஒலியளவை அதே −10 க்கு வைத்து மூன்று மௌனங்களையும் மீண்டும் பதிந்தோம். முதல் மௌனம் −92. மதர்போர்டின் −78 ஐவிட 14 டெசிபெல் அமைதி. கருவி உண்மையிலேயே நல்ல கருவி. இரண்டாவது −76. மூன்றாவது −49.

மூன்றாவது அசையவில்லை. நாம் கேட்கப்போவது அந்த மூன்றாவதைத்தான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் சமமாக இருந்தால், சேரும்போது 3 டெசிபெல் கூடும். ஒன்று மற்றதைவிட 10 டெசிபெல் குறைவாக இருந்தால் அது கூட்டுவது ஏறக்குறைய 0.4 டெசிபெல். 20 குறைவாக இருந்தால் வெறும் 0.04. நாடாவின் 'உஸ்' −49 இல் நிற்க, மதர்போர்டின் சத்தம் −78 இல் இருக்கிறது. அதை −92 ஆக்கினாலும் முற்றாக அழித்தாலும் கேட்பவருக்கு மாற்றம் இல்லை. தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினால் யாருக்குத் தெரியும்?

சாதாரண கசெட் நாடாவின் 'உஸ்'ஸுக்கும் அதன் மிகச் சத்தமான இடத்துக்கும் இடையே உள்ள வெளி, டொல்பி இல்லாமல், 50 டெசிபெல் சொச்சம்தான். கணினியின் 16 பிட் பதிவுக்குக் கோட்பாட்டளவில் 96. எனவே நாடா கடைசிவரை கணினியைவிடச் சத்தமானது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 192 கிலோஹேர்ட்ஸ், 32 பிட் போன்ற எண்கள் கசெட்டுக்கு எதையும் சேர்ப்பதில்லை. கோப்பை மட்டும் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் சேமியுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ. பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு அது. 24 பிட்டின் பயன் தெளிவைக் கூட்டுவதில் இல்லை. திடீரென்று வரும் தப்பின் அடிக்குத் தாராளமாக இடம் விட்டுப் பதியலாம் என்பதுதான் பயன்.

ஆகவே முடிவெடுக்கும் முறை இப்படி. மூன்றாம் மௌனத்துக்கும் முதலாவதுக்கும் இடைவெளி 20 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் புதிய கருவி அந்த நாடாவுக்கு உதவாது. 10 க்குள் இருந்தால், துளையும் அளவும் சரிதானா என்று பார்த்துவிட்டு, பிறகும் அப்படியே இருந்தால் வாங்குங்கள், பயன் உண்டு. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால் எர்த்தையும் கேபிளையும் பாருங்கள். யூ.எஸ்.பி. கருவிக்கும் எர்த் கணினியிலிருந்துதான் போகிறது. கணினி மிதந்தால் அதுவும் மிதக்கும், உறுமல் புதுப் பெட்டிக்கும் வந்து சேரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர், "எண் கிடக்கட்டும், கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது" என்பார்கள். காதை நான் மதிக்கிறேன். ஆனால் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. அரை டெசிபெல் சத்தம் கூடினாலே அதைச் சத்தம் என்று உணராமல் 'தெளிவு' என்று உணரும். எனவே ஒரே நாடாவின் ஒரு நிமிடத்தை இரண்டு வழியிலும் பதிந்து, இரண்டின் `RMS lev dB` ஐயும் ஒன்றாக்கி, உங்கள் தம்பியையோ தங்கையையோ ஒரு நாணயத்தைச் சுண்டி எதைப் போடுவது என்று தீர்மானிக்கச் சொல்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியக்கூடாது. பத்து முறை கேட்டு எது எதுவென்று எழுதுங்கள். பத்தில் ஒன்பதோ பத்தோ சரியென்றால் நீங்கள் உண்மையிலேயே கேட்கிறீர்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர நூற்றில் ஒரு வாய்ப்புத்தான். ஆறோ ஏழோ என்றால் அது நாணயத்தின் வேலை. ஒரு பதிவை மற்றதிலிருந்து கழித்து மீதியைக் கேட்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். கசெட்டில் அது பலிக்காது. மோட்டாரின் வேகம் ஒவ்வொரு ஓட்டத்திலும் சற்று ஆடுவதால், ஒரே கருவியில் இரண்டு முறை பதிந்தாலும் இரண்டும் பொருந்தாது.

கருவிக்கு வைத்திருந்த பணமும் ஆசையும் போக வேண்டிய இடம் வேறு. அது கசெட் கருவியின் ஹெட். பாட்டைப் பதிந்த கருவியின் ஹெட் நாடாவுக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் உங்கள் ஹெட்டும் நிற்க வேண்டும். மயிரிழை சரிந்தாலும் கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். தப்பின் தோலில் குச்சி படும் அந்த 'டக்' தொலைந்து 'தொம்' மட்டும் மிஞ்சும். ஹெட்டின் பக்கத்தில் சுருள் கம்பி போட்ட ஒரு சிறிய திருகாணி இருக்கும். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்டபடி, அதை மிக மெதுவாகத் திருப்புங்கள். 'உஸ்' சத்தமும் 'டக்'கும் எந்த இடத்தில் மிகப் பிரகாசமாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வீட்டின் கருவியில் பதிந்தது. ஹெட்டைப் பஞ்சும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கொண்டு துடையுங்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை மட்டும் அப்படியே ஓட்டாதீர்கள், அது ஹெட்டையும் அடுத்த நாடாவையும் கெடுக்கும். அந்தக் காமன் கூத்துக் கசெட்டில் திருகாணியைத் திருப்பிய பிறகு நாணயமும் தம்பியும் தேவைப்படவில்லை. அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

வெளிக்கருவியே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இடங்களில் அது கட்டாயம். ஒன்று, உங்கள் கணினியில் நீலத் துளையே இல்லாதபோது. இப்போது வரும் சிறிய கணினிகள் பலவற்றில் ஹெட்போனுக்கும் ஒலிவாங்கிக்குமாக ஒரே ஒரு துளைதான் இருக்கிறது. அப்போது எளிய, லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. பெட்டி போதும். 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் மட்டும் தரும் பெஹ்ரிங்கர் யூ.சி.ஏ.202 போன்ற சிறிய கருவிகூடக் கசெட்டைவிட அமைதியானது; தப்பின் அடிக்கு இடம் விட்டு அளவைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொண்டால் சரி.

மற்றது இதைவிட முக்கியமானது. கசெட்டை விட்டுவிட்டு, இன்னும் நம்மோடு இருக்கும் பாட்டிமாரை உட்காரவைத்து நேரே பதியும்போது கணக்கு தலைகீழாகிறது. அங்கே நாடாவின் 'உஸ்' இல்லை. தாலாட்டுப் பாடும் குரல் மெல்லியது. ஒலிவாங்கி தருவது மில்லிவோல்ட். இப்போது மதர்போர்டின் இளஞ்சிவப்புத் துளையின் இரைச்சல்தான் அறையிலேயே பெரிய சத்தம். நல்ல ஒலிவாங்கிப் பெருக்கியும், கண்டென்சர் ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ட்டும் தரும் வெளிக்கருவி அங்கே உடனே கேட்கும் வித்தியாசத்தைத் தரும். அதே மூன்று மௌனங்களை அங்கேயும் பதிந்து பாருங்கள். மூன்றாவதாக நாடாவின் வெறுமைக்குப் பதில் யாரும் பேசாத அறையைப் பதியுங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஒட்டி நின்றால், அந்தக் கருவிக்காக ஊர்ப் பணம் சேர்ப்பதில் தயக்கம் வேண்டாம். ஒரு வட்டாரத்துக்கு ஒன்று வாங்கினால் போதும். தலவாக்கலைக்காரர்களும் பொகவந்தலாவைக்காரர்களும் முறைவைத்து எடுத்துச் செல்லலாம்.

பதிந்து முடித்த கோப்புகளில் இரைச்சல் நீக்கும் வேலை எதையும் செய்யாமல், முதற்பிரதியை அப்படியே `wav` ஆக இரண்டு இடங்களில் வையுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இலக்கமுறையில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமிருக்கிறது. அங்கே கொடுக்கும்போது பாடியவர், தோட்டம், டிவிசன், பதிந்த ஆண்டு, பயன்படுத்திய துளையும் கருவியும் ஆகியவற்றோடு அந்த மூன்று மௌனங்களின் எண்களையும் எழுதிக் கொடுங்கள். கேட்பவருக்கு எந்தச் சத்தம் நாடாவுடையது, எது நம்முடையது என்று அப்போது தெரியும்.